மியூச்சுவல் ஃபண்ட் தரகு: ஒரு சதவீதம் இருபத்தைந்து வருடத்தில் எவ்வளவு ஆகிறது?

கனடாவில் மியூச்சுவல் ஃபண்ட் வைத்திருப்பவர்களுக்கு 2026 ஜனவரி முதலாம் திகதி முதல் புதிய விதியொன்று நடைமுறைக்கு வந்திருக்கிறது. இந்த வருடம் முழுவதும் எமது பணத்திலிருந்து போகும் மொத்தச் செலவையும் டொலர் கணக்கில் எழுதி, 2027 தொடக்கத்தில் எமக்கு அனுப்ப வேண்டும் என்பதே அந்த விதி. இதுவரை வந்த ஆண்டறிக்கைகளில் விற்பனை நிறுவனத்துக்குப் போன தரகு மட்டுமே டொலரில் இருந்தது. ஃபண்டை நடத்தும் நிறுவனம் எடுத்த பங்கு அதில் இல்லை.

அந்தக் கடிதம் வருவதற்கு முன்பே, அதில் வரப்போகும் தொகை எங்கிருந்து வருகிறது என்பதை நாம் விளங்கிக்கொள்வது நல்லது. ஸ்காபறோவிலிருந்து கிழக்கே நகர்ந்து ஏஜக்ஸ், விட்பி பக்கம் வீடு வாங்கிய எம்மவர் பலர், ஓய்வூதியச் சேமிப்பையும் பிள்ளைகளின் படிப்புச் சேமிப்பையும் வங்கிக் கிளையிலோ தெரிந்த முகவர் ஒருவரிடமோதான் தொடங்கியிருக்கிறோம். அவர் காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்தோம். எந்த ஃபண்ட் என்று கேட்டிருப்போம். அதில் எந்த 'சீரிஸ்' என்று கேட்டவர்கள் குறைவு.

ஒரே ஃபண்ட் பல சீரிஸ்களாக விற்கப்படுகிறது. உள்ளே இருக்கும் பங்குகளும் கடன் பத்திரங்களும் ஒன்றுதான். அவற்றை நிர்வகிப்பவரும் ஒருவர்தான். 'சீரிஸ் ஏ' என்பது தரகு உள்ளடங்கிய வகை. பங்குச் சந்தை ஃபண்டாக இருந்தால், விற்பனை நிறுவனத்துக்கு வருடத்துக்குப் பெரும்பாலும் ஒரு சதவீதம் போகிறது. இதன் பெயர் ட்ரெயிலிங் கொமிஷன். முதலீடு இருக்கும்வரை, எவரும் எம்மை அழைத்துப் பேசினாலும் பேசாவிட்டாலும், அது போய்க்கொண்டே இருக்கும். 'சீரிஸ் எஃப்' என்பது அந்தத் தரகு இல்லாத வகை.

இந்தத் தரகுக்கு எமக்குத் தனியாகப் பில் வருவதில்லை. நிர்வாகக் கட்டணத்துக்குள் அது அடங்கி, நாளாந்தம் ஃபண்டின் மதிப்பிலிருந்தே கழிகிறது. எச்.எஸ்.ரி. வரியும் அந்தக் கட்டணத்தின் மேல் விழுகிறது. ஆகவே ஒரு சதவீதத் தரகு, வாடிக்கையாளருக்கு ஏறக்குறைய 1.1 சதவீதமாகிறது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் தனது ஓய்வூதியக் கணக்கில் 50,000 டொலரை ஒரே தடவையில் போட்டு, 25 வருடம் தொடாமல் விடுகிறார். செலவு கழிக்குமுன் ஃபண்ட் வருடத்துக்கு 7 சதவீதம் வளர்வதாக வைத்துக்கொள்வோம். சீரிஸ் ஏ-யில் மொத்தச் செலவு 2.2 சதவீதம் என்றால், கையில் நிற்கும் வளர்ச்சி 4.8 சதவீதம். சீரிஸ் எஃப்-இல் செலவு 1.1 சதவீதம் என்றால், வளர்ச்சி 5.9 சதவீதம்.

முதல் வருட முடிவில் வித்தியாசம் 550 டொலர். சந்தை ஒரு நாளில் ஏறி இறங்குவதே அதைவிட அதிகமாக இருக்கும் என்பதால், அது எவர் கண்ணிலும் படாது. பத்தாவது வருடத்தில் ஒருவரிடம் சுமார் 79,900, மற்றவரிடம் 88,700. வித்தியாசம் 8,800 டொலர். இருபத்தைந்தாவது வருடத்தில் ஒருவரிடம் சுமார் 161,400, மற்றவரிடம் 209,600. வித்தியாசம் 48,000 டொலருக்கு மேல். அதாவது தொடக்கத்தில் போட்ட முழுத் தொகைக்கும் கிட்டத்தட்டச் சமமான பணம்.

இது இவ்வளவு பெருகுவதற்குக் காரணங்கள் இரண்டு. தரகு நாம் போட்ட பணத்தின் மீது மட்டும் அல்ல, வளர்ந்த பணத்தின் மீதும் கணக்கிடப்படுகிறது; முதல் வருடம் 500 டொலராக இருந்த தரகு, கடைசி வருடங்களில் 1,500 டொலரைத் தாண்டிவிடும். அதோடு, ஒவ்வொரு வருடமும் வெளியே போன பணம் பிறகு வளர்ந்திருக்க வேண்டிய வளர்ச்சியும் அதனோடேயே போய்விடுகிறது.

2013 ஆம் ஆண்டில் இந்தப் பிரச்சினையை மூன்று நாடுகள் மூன்று வழியில் அணுகின. பிரித்தானியா, ஆலோசனையுடன் விற்கப்படும் புதிய முதலீடுகளுக்கு இத்தகைய தரகைத் தடை செய்தது. அவுஸ்திரேலியாவும் அதே வருடம் தடை கொண்டுவந்தது. இந்தியா தரகைத் தடை செய்யவில்லை. அதற்குப் பதிலாக, ஒவ்வொரு ஃபண்டும் தரகில்லாத 'டைரக்ட் பிளான்' ஒன்றையும் வழங்கியே ஆகவேண்டும் என்று செபி உத்தரவிட்டது. 2013 ஜனவரி முதல் இந்திய முதலீட்டாளர் ஒருவர் நிறுவனத்திடம் நேரடியாகச் சென்று அதை வாங்கலாம். 'ரெகுலர் பிளான்', 'டைரக்ட் பிளான்' இரண்டின் விலையும் தனித்தனியாக வெளியாவதால், இடைவெளி வளர்வதை எவரும் பார்க்க முடிகிறது.

கனடா முழுத் தடையைப் பரிசீலித்து, 2018 இல் அதைக் கைவிட்டது. பதிலாக 2022 ஜூன் முதலாம் திகதி முதல் இரண்டு தடைகள் வந்தன. முதலாவது, குறித்த வருடங்களுக்கு முன் பணத்தை எடுத்தால் தண்டம் அறவிடும் முறையில் புதிதாக விற்கக் கூடாது. இரண்டாவது, ஆலோசனை வழங்காத சுயமுதலீட்டு நிறுவனங்களுக்கு ட்ரெயிலிங் கொமிஷன் கொடுக்கக் கூடாது. ஆகவே கனடாவில் 'டைரக்ட்' என்பதற்கு மிக அருகில் வருவது, அத்தகைய சுயமுதலீட்டுக் கணக்கில் வாங்கும் தரகற்ற சீரிஸ்தான். வங்கிக் கிளையிலோ முகவரிடமோ போய் அதை உரிமையாகக் கேட்டுப் பெற முடியாது.

இங்கே ஒரு பொறியும் உண்டு. ஆலோசகர் ஒருவர் "உங்களைச் சீரிஸ் எஃப்-க்கு மாற்றிவிட்டேன்" என்று சொன்னால், அநேகமாக அவர் வருடாந்தக் கட்டணத்தைத் தனியாக அறவிடும் கணக்குக்கு எம்மை மாற்றியிருப்பார். அந்தக் கட்டணம் ஒரு சதவீதமும் வரியுமாக இருந்தால், மிச்சம் எதுவும் இல்லை. ஒரே நன்மை, கொடுப்பது கண்ணுக்குத் தெரிகிறது என்பதுதான். சீரிஸின் எழுத்தைப் பார்த்து முடிவுக்கு வராமல், ஃபண்டின் செலவையும் கணக்கின் கட்டணத்தையும் கூட்டிப் பார்க்க வேண்டும்.

மாறுவதற்கு முன் பார்க்க வேண்டியவையும் உண்டு. 2022 ஜூனுக்கு முன் வாங்கிய பழைய ஃபண்டுகளில் எடுப்புத் தண்டம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கலாம். ஏழு வருட ஒப்பந்தம் என்றால், கடைசியாக வாங்கியவர்களுக்கு அது 2029 வரை போகும். சில வங்கிகளின் சொந்த ஃபண்டுகளை வேறு நிறுவனத்துக்கு அப்படியே மாற்ற முடியாது. விற்றுத்தான் மாற்ற வேண்டும். ஓய்வூதியக் கணக்கிலும் வரியற்ற சேமிப்புக் கணக்கிலும் உள்ளே விற்று வாங்குவதற்கு வரி இல்லை. ஆனால் பணத்தை வெளியே எடுக்காமல், கணக்கிலிருந்து கணக்குக்கு மாற்றும் படிவத்தின் மூலமே செய்ய வேண்டும். சாதாரணக் கணக்கில் விற்றால் இலாபத்துக்கு வரி வரும்.

தரகு வாங்குவது குற்றம் என்று நாம் சொல்லவில்லை. சந்தை விழுந்த நேரத்தில் பதறி விற்கவிடாமல் தடுத்தவர், வரியையும் காப்புறுதியையும் உயிலையும் சேர்த்துத் திட்டம் போட்டுக் கொடுத்தவர், அந்த ஒரு சதவீதத்துக்குத் தகுதியானவர்தான். சுயமுதலீட்டுக் கணக்குத் திறந்துவிட்டு, சந்தை இறங்கும்போது பயந்து விற்பவருக்கு மிச்சம் பிடித்த தரகு ஒரே மாதத்தில் போய்விடும்.

எமது சமூகத்தில் உள்ள சிக்கல் வேறு. முகவர் பெரும்பாலும் ஊரவர், உறவினர், அல்லது கூடப் படித்தவர். "எனது பணத்திலிருந்து உங்களுக்கு வருடம் எவ்வளவு போகிறது?" என்று கேட்டால் குறை நினைப்பாரோ என்று தயங்குகிறோம். 2027 இல் வரும் அறிக்கையில் அந்தத் தொகை எழுதப்பட்டிருக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு, கடந்த வருடம் அவர் எமக்காகச் செய்த வேலை என்ன என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. பதிலில் வேலை இருந்தால் அந்த முகவரோடு தொடரலாம். வருடத்துக்கு ஒரு கலண்டரும் பொங்கல் வாழ்த்தும் மட்டும்தான் பதில் என்றால், மேலே போட்ட கணக்கைத் தனது தொகைக்கு ஒருமுறை போட்டுப் பார்க்கட்டும்.