கிழிந்த கேசட் அட்டை சொல்லும் கதை

கனடாவில் இருக்கும் வாசகி ஒருவர் அட்டைத் துண்டு ஒன்றின் படத்தை அனுப்பியிருந்தார். ஏதோ சினிமாப் பாட்டுக் கேசட். அதன் மேல் தாத்தாவின் பேச்சைப் பதிவு செய்துவிட்டார்கள். இரண்டு பக்கமும் அவர் குரல்தான், பாட்டு ஒரு துளி மிச்சமில்லை. தாத்தா 1997இல் காலமானார். "எந்த வருஷம் பேசினார்னு கண்டுபிடிக்க முடியுமா?" என்று கேட்டிருந்தார்.

படத்தின் பெயரும் இசையமைப்பாளர் பெயரும் இருந்த பகுதி கிழிந்துபோயிருந்தது. மிஞ்சியது இவ்வளவுதான்: தயாரிப்பு கே.டி. குஞ்சுமோன்; ஒலிப்பதிவு பஞ்சதன் ரெக்கார்ட் இன், மெட்ராஸ்; பாடல்கள் என்ற இடத்தில் பாதி கிழிந்த ஒரு பெயர், பக்கத்தில் வாலி; பாட்டு வரிசையில் 7 என்ற எண்.

முதலில் ஒன்றைக் கவனியுங்கள். அட்டையில் இருக்கும் எல்லாப் பெயரும் தயாரிப்பாளர் பெயர் இல்லை. கேசட் கம்பெனி நூற்றுக்கணக்கான படங்களுக்குக் கேசட் போட்டிருக்கும். அதை வைத்துத் தேடினால் கடலில் ஊசி தேடுவது மாதிரிதான். படத்தின் தயாரிப்பாளரைப் பிடித்தால் பட்டியல் சின்னதாகிவிடும்.

குஞ்சுமோன் தயாரித்த 'வசந்த காலப் பறவை', 'சூரியன்' இரண்டுக்கும் தேவா இசை. பஞ்சதன் என்பது ஏ.ஆர். ரஹ்மானின் சொந்த ஸ்டூடியோ. ஆக, இருவரும் சேர்ந்த படங்களை மட்டும் பார்த்தால் போதும்: 'ஜென்டில்மேன்' (1993), 'காதலன்' (1994), 'காதல் தேசம்' (1996), 'ரட்சகன்' (1997). நாலே நாலுதான்.

'காதல் தேசம்' பாடல்கள் வாலி எழுதியவை, 'ரட்சகன்' வைரமுத்து எழுதியவை. நம் அட்டையில் வாலியோடு இன்னொருவரும் இருக்கிறார். அதனால் மிச்சம் முதல் இரண்டு படங்கள். 'ஜென்டில்மேன்' படத்தில் ஐந்து பாட்டு, நம்மிடம் இருப்பதோ ஏழாம் எண். எனவே 'காதலன்' என்றே தோன்றுகிறது.

இதில் ஒரு சந்தேகம் வரலாம். அந்தக் காலத்தில் ஒரே கேசட்டில் இரண்டு படப் பாட்டு போடுவது சகஜம். அப்படியானால் ஏழாம் எண் அடுத்த படத்துப் பாட்டாகவும் இருக்கலாம். அட்டையில் இரண்டாவது தயாரிப்பாளர் பெயர் இருக்கிறதா என்று தேடச் சொன்னேன். இல்லை.

"மெட்ராஸ்" என்ற சொல்லை நான் சாட்சியாக எடுக்கவில்லை. 1996இல் ஊர் பெயர் மாறினாலும், பழைய பெயரையே அச்சிட்டவர்கள் உண்டு.

ஆக, தாத்தா பேசியது 1994க்கும் 1997க்கும் இடையில். அட்டை தருவது கீழ் எல்லையை மட்டும்தான். பாட்டு வந்த பிறகுதானே அதன் மேல் பதிய முடியும்? ஆனால் அட்டையும் கேசட்டும் ஒரே ஜோடியாக இருந்தால்தான் இந்தக் கணக்கு நிற்கும். கேசட் மேல் ஒட்டிய லேபிளில் அதே கம்பெனிப் பெயரும் அதே எண்ணும் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். வேறு பெட்டியில் மாறிப்போன கேசட்டுகள் நம் வீடுகளில் கொஞ்சமா நஞ்சமா!