ஒன்பதரை மணிக்கு ஏன் வீட்டில் இருக்க வேண்டும்?

அன்பு மகளுக்கு,

சனிக்கிழமை புக்கிட் மெர்தாஜாமில் படம் பார்த்துவிட்டு 11 மணிக்கு வருகிறேன் என்று கேட்டாய். நான் ஒன்பதரை என்றேன். “அண்ணன்னா விடுவீங்க, நான் பொண்ணுங்கிறதாலதானே?” என்று கேட்டுவிட்டு அறைக்குள் போய்விட்டாய். நியாயமான கேள்விதான். பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

2017 பிப்ரவரி 18 அன்று அதிகாலை 3 மணிக்குமேல், ஜொகூர் பாருவில் ஜாலான் லிங்காரான் டாலாமில் ஒரு கார் சைக்கிள் கூட்டத்தில் மோதியது. எல்லாம் பிரேக் கழற்றி, கைப்பிடி தாழ்த்திய ‘பாசிக்கால் லாஜாக்’ சைக்கிள்கள். எட்டுப் பேர் இறந்தார்கள். வயது 13 முதல் 16 வரை, எட்டுப் பேரும் பையன்கள். கார் ஓட்டியவர் மீதான வழக்கு வருடக்கணக்கில் நடந்தது. 2022இல் உயர் நீதிமன்றம் சிறைத் தண்டனை விதித்தது, 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் விடுதலை செய்தது. யார்மேல் தப்பு என்று நாடே வாதாடியது. பிள்ளைகளைப் பறிகொடுத்த அந்தப் பெற்றோரை நான் ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் செய்தி வந்த நாளிலிருந்து, ‘பையன்தானே, எப்போது வந்தால் என்ன’ என்ற பேச்சை என்னால் ஏற்க முடிவதில்லை. அதனால் உன் வயதில் அண்ணனுக்கு இருந்த நேரமே உனக்கும், தம்பிக்கும் நாளை அதுதான்.

“என்னை நம்பலையா?” என்றும் கேட்டாய். நீ தனியாக இருக்கும்போது உன்னை நம்புகிறேன், கூட்டாளிகளோடு இருக்கும்போதுதான் யோசனை. 2005இல் அமெரிக்காவில் கார்ட்னர், ஸ்டைன்பர்க் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். திரையில் கார் ஓட்டும் விளையாட்டு. மஞ்சள் விளக்கு எரிந்ததும், எவ்வளவு தூரம் துணிந்து போய் நிறுத்துகிறார்கள் என்று பார்த்தார்கள். தனியாக ஆடியபோது 13 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் அவ்வளவாக வித்தியாசம் இல்லை. நண்பர்கள் பக்கத்தில் இருந்தபோது பெரியவர்கள் மாறவில்லை, சின்னவர்கள் துணிச்சலைக் கூட்டிக்கொண்டே போனார்கள். ஆடியவர்கள் கெட்ட பிள்ளைகள் இல்லை. அந்த வயதில் கூட்டாளிகள் பார்க்கிறார்கள் என்பதே ஒரு வேகத்தைத் தருகிறது. படம் முடிந்ததும் யாராவது “மோட்டார்ல ஒரு ரவுண்டு போகலாம்” என்றால் தனியாக இருக்கும் நீ மறுப்பாய். ஐந்து பேர் நடுவில் மறுப்பது கஷ்டம். அப்போது “எங்க அம்மா ஒன்பதரைக்கு வரச் சொல்லியிருக்காங்க” என்று பழியை என்மேல் போட்டுவிட்டு வா. எனக்கு வருத்தமே இல்லை.

உண்மையைச் சொன்னால், ஊரடங்கு என்பதே மந்திரம் இல்லை. அமெரிக்காவில் பல நகரங்கள் இரவில் பிள்ளைகள் தெருவில் இருக்கக் கூடாது என்று சட்டம் போட்டன. ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், அதனால் குற்றம் குறைந்ததாகத் தெரியவில்லை என்றார்கள். போலீஸ் தெருவைக் காலி செய்யப் பார்க்கிறது. வீட்டில் வைக்கிற நேரத்துக்கு வேலையே வேறு. எப்போதிலிருந்து உன்னைத் தேட வேண்டும் என்று எங்களுக்குச் சொல்வது அதுதான்.

யோசித்துப் பார். நேரமே பேசாமல் போகிறாய் என்று வை. பத்து மணிக்கு ‘படம் லேட்டாயிருக்கும்’ என்று நினைப்பேன். பதினொன்றுக்கு ‘சாப்பிடப் போயிருப்பாள்’ என்பேன். பயப்படத் தொடங்கும்போது நள்ளிரவாகிவிடும், நீ எங்கே என்று கேட்கக்கூட யாரும் விழித்திருக்க மாட்டார்கள். ஒன்பதரை என்று பேசியிருந்தால் 9.40க்கு உனக்குப் போன் செய்வேன். எடுக்காவிட்டால் 9.50க்கு உன் தோழியின் அம்மாவுக்கு. பத்து மணிக்கு அப்பா மோட்டாரை எடுத்துக்கொண்டு, நீ வருவதாகச் சொன்ன வழியிலேயே வருவார். செம்பனைத் தோட்டத்து ரோட்டில் டயர் பஞ்சராகி, போனில் சார்ஜும் இல்லாமல் நின்றாலும் அரை மணியில் ஆள் வந்துவிடும். அதனால்தான் நேரத்தோடு மூன்று விஷயம் கேட்கிறேன்: எங்கே, யாரோடு, எந்த வழி. வழி மாறினால் ஒரு மெசேஜ் போடு, போதும்.

ஒன்று மட்டும் கவனமாகக் கேள். நேரமாகிவிட்டதே என்று யாரையும் வேகமாக ஓட்டச் சொல்லாதே. லாரி ஓடுகிற பெரிய ரோட்டில் அந்தப் பத்து நிமிடத்தை மிச்சம் பிடிக்க வேண்டாம். போன் செய்துவிட்டு பத்தே காலுக்கு வந்தால் திட்ட மாட்டேன். சொல்லாமல் 9.35க்கு வந்தால்தான் பேச வேண்டியிருக்கும். யாராவது குடித்திருந்தாலோ, உனக்குப் பிடிக்காதது ஏதாவது நடந்தாலோ, எந்த நேரமானாலும் கூப்பிடு. வந்து அழைத்துப் போவோம், அன்றிரவு ஒரு கேள்வியும் கேட்க மாட்டோம்.

ஒன்பதரை கல்லில் எழுதியதில்லை. இந்தச் சனிக்கிழமை மாலைக் காட்சிக்குப் போனால் நேரத்துக்குள் வந்துவிடலாம். இரவுக் காட்சிதான் வேண்டுமென்றால் வியாழனுக்குள் சொல், அப்பா வந்து வாசலில் நிற்பார், பதினொன்றே இருக்கட்டும். இந்த விதி எங்களுக்கும்தான். அப்பா ஷிப்ட் முடிந்து வர நேரமானால் நீ போன் செய்து கேள், அவர் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அம்மா
நிபோங் திபால்