மகனின் முதுகலைக்குச் சேமநிதிப் பணத்தை எடுக்கலாமா?

தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்புக்கு வந்திருந்த ஒரு தாயார், விடைபெறும் வேளையில் என்னைத் தனியே அழைத்து ஒரு கேள்வி கேட்டார். "ஐயா, தம்பி எந்திரக் கற்றலில் மாஸ்டர்ஸ் படிக்க வேண்டும் என்கிறான். என் சேமநிதியிலிருந்து எடுத்துக் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?"

அவர் மகன் ஆறாம் ஆண்டில் என்னிடம் கணிதம் பயின்றவன். தகவல் தொழில்நுட்பத்தில் இளங்கலை முடித்து, ஷா ஆலாமில் ஒரு சரக்கு விநியோக நிறுவனத்தில் கணினிப் பிரிவில் பணிபுரிகிறான். பிள்ளைகளின் உயர்கல்விக்காகப் பெற்றோர் சேமநிதியை எடுக்க விதி இடமளிக்கிறது. 2024 மே மாதக் கணக்கு மறுசீரமைப்புக்குப் பின், அப்பணம் செஜாத்ரா கணக்கிலிருந்து வருகிறது. ஆனால், அது அந்த அம்மையாரின் முதுமைக்கு உரிய பணம். ஆகவே, "பையனை ஒரு நாள் அனுப்பி வையுங்கள்" என்று மட்டும் சொன்னேன்.

நான் பகுதிநேரமாகக் கணினி அறிவியலில் முதுகலை முடித்தவன் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும். அந்தக் கடனை அடைத்து முடித்தவன் என்ற தகுதியும் எனக்கு உண்டு!

மாணவன் மடிக்கணினியுடன் வந்தான். ஏற்கெனவே ஓர் இணையவழிச் சான்றிதழ் பெற்றிருந்தான். அதைக் கொண்டு மூன்று இடங்களில் நேர்முகத் தேர்வுக்குச் சென்று மூன்றிலும் தோற்றிருந்தான். "முதுகலை இல்லாததால்தான் ஐயா" என்றான். நான் அவனுடைய செயல்திட்டத்தைக் காட்டச் சொன்னேன்.

தன் நிறுவனத்தின் அனுமதியோடு பழைய விநியோகப் பதிவுகளை எடுத்து, எந்தச் சரக்கு தாமதமாகப் போய்ச் சேரும் என்று முன்கூட்டியே கணிக்கும் ஒரு மாதிரியை அவன் உருவாக்கியிருந்தான். சோதனைக்கு ஒதுக்கிய 1000 பதிவுகளில் 980 சரியாக வந்தன. 98 விழுக்காடு. கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது.

"இந்த ஆயிரத்தில் உண்மையிலேயே தாமதமானவை எத்தனை?" என்றேன். ஐம்பது என்றான். அப்படியானால், எதையும் கற்காமல், எல்லாவற்றுக்கும் 'நேரத்தோடு சேரும்' என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே 95 விழுக்காடு வந்துவிடுமே! அவன் மாதிரியின் உண்மையான உழைப்பு மீதமுள்ள மூன்று விழுக்காட்டில்தான் இருந்தது. ஐம்பதில் 35ஐக் கண்டுபிடித்திருந்தது. ஐந்தைத் தவறாகத் தாமதம் என்று சொல்லியிருந்தது. அதுவும் மோசமில்லை.

பிறகு அட்டவணையின் பத்திகளை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். 'வாடிக்கையாளர் அழைப்புகளின் எண்ணிக்கை' என்று ஒரு பத்தி இருந்தது. வாடிக்கையாளர் எப்போது அழைப்பார்? சரக்கு வராதபோதுதான். லாரி காலை ஏழு மணிக்குக் கிளம்பும்போது அந்தப் பத்தி எல்லாச் சரக்குக்கும் வெறுமையாகத்தான் இருக்கும். நடந்து முடிந்த செய்தியைக் கையில் கொடுத்துவிட்டு, நடக்கப் போவதைச் சொல் என்று மாதிரியைக் கேட்டிருக்கிறான். ஆசிரியர்களாகிய நமக்கு இது புதிதன்று: வினாத்தாளின் பின்பக்கத்தில் விடை அச்சாகியிருந்தால் மாணவன் எடுக்கும் புள்ளி எதைக் காட்டும்? இத்துறையில் இதனைத் தரவுக் கசிவு என்கிறார்கள்.

அந்தப் பத்தியை நீக்கி மீண்டும் ஓட்டினோம். ஐம்பதில் எட்டு மட்டுமே பிடிபட்டன. ஆறு தவறான எச்சரிக்கைகள். மொத்தம் 95.2 விழுக்காடு. கண்ணை மூடிக்கொண்டு சொல்வதற்கும் இதற்கும் ஏறக்குறைய வேறுபாடே இல்லை. இன்னொரு குறையும் இருந்தது. பதிவுகளைக் கலைத்துப் போட்டுப் பிரித்திருந்தான். வெள்ளத்தால் சாலை மூடிய ஒரு நாளின் சரக்குகளில் பாதி பயிற்சியிலும் பாதி சோதனையிலும் விழுந்திருந்தன. ஜனவரி முதல் செப்டம்பர் வரை பயிற்சி, கடைசி மூன்று மாதங்கள் சோதனை என்று நாள்படி பிரித்திருக்க வேண்டும்.

நேர்முகத்தில் என்ன கேட்டார்கள் என்று வினவினேன். சற்று நேரம் பேசாமலிருந்தான். பிறகு, "அந்த அழைப்புப் பத்தியைப் பற்றித்தான் ஒருவர் கேட்டார். எனக்குப் புரியவில்லை" என்றான்.

இப்போது மூன்று வழிகளுக்கும் வருவோம். சான்றிதழ் வகுப்பு அவனை ஏமாற்றிவிட்டது என்று நான் கூற மாட்டேன். ஆண்ட்ரூ இங் 2011இல் ஸ்டான்ஃபர்டிலிருந்து இணையத்தில் நடத்திய பாடம் எத்தனையோ பேருக்கு இத்துறையின் வாசலைத் திறந்தது. 2022இல் புதுப்பிக்கப்பட்ட அதன் வடிவமும் தெளிவானது. கசிவைப் பற்றிச் சொல்லும் பாடங்களும் உண்டு. ஆனால், பயிற்சிக்குத் தரும் தரவு பெரும்பாலும் துடைத்து வைத்த தட்டாக வருகிறது; விடையைத் திருத்துவது இயந்திரம். 'இந்தப் பத்தி உனக்கு எப்போது தெரியும்?' என்று அங்கே எவரும் குறுக்கிட்டுக் கேட்பதில்லை.

சுயகற்றலுக்கும் அதே குறை உண்டு. செலவு மட்டும் இல்லை. ஜேம்ஸ், விட்டன், ஹேஸ்டி, டிப்ஷிரானி ஆகியோர் எழுதிய புள்ளியியல் கற்றல் அறிமுக நூலின் பைத்தான் பதிப்பு 2023இல் வெளிவந்தது; ஆசிரியர்களே அதனை இலவசமாகத் தருகிறார்கள். அதன் ஐந்தாம் அத்தியாயம் சோதனைப் பிழையை எப்படி மதிப்பிடுவது என்பதைப் பற்றியது. அதனைப் பொறுமையாகப் படித்து, பயிற்சிகளைச் சொந்தத் தரவில் செய்து பார்த்திருந்தால், அவனுக்கே ஐயம் எழுந்திருக்கும்.

முதுகலை தருவது என்ன? குறுக்கிட்டுக் கேட்கும் ஒரு மனிதரை. அதுவும் அவர் உண்மையிலேயே கேட்டால்தான். என்னுடைய மேற்பார்வையாளர் ஒரே வரைபடத்திற்காக என்னை நான்கு முறை திருப்பி அனுப்பினார். அதில் கற்றதுதான் இன்றும் கைகொடுக்கிறது. மற்றப் பாடங்களில் பாதி, விரிவுரைக் குறிப்புகளை ஒப்பித்ததோடு சரி. ஆகவே, பாடநெறி முதுகலையில் சேருமுன், இறுதிச் செயல்திட்டத்தை யார் மேற்பார்ப்பார், அவரிடம் எத்தனை மாணவர்கள், தரவு எங்கிருந்து வரும் என்று பல்கலைக்கழகத்திடம் கேட்க வேண்டும். இதற்கு நேரான மறுமொழி வராத இடத்தில் பணம் கட்ட வேண்டாம் என்பது என் கருத்து. ஆய்வுப் பணி, விரிவுரையாளர் பணி ஆகியவற்றை நாடுவோருக்கு முதுகலை இன்றியமையாதது; அதில் விவாதமில்லை.

சிங்கப்பூருக்குப் போகவாவது முதுகலை உதவும் என்று தாயார் நம்பியிருந்தார். 2023 செப்டம்பர் முதல் அங்கே வேலை அனுமதிக்குப் புள்ளி முறை நடப்பில் உள்ளது. கல்வித் தகுதிக்கு, பட்டம் இருந்தால் 10 புள்ளி. அவர்கள் பட்டியலிட்ட முதன்மைக் கல்விக்கழகப் பட்டமானால் 20. இவனுடைய இளங்கலைக்கே அந்தப் பத்து கிடைத்துவிடும். பட்டியலில் இல்லாத இடத்தில் பெறும் முதுகலை, அந்தப் பத்தைக் கூட்டாது.

அவனுக்கு நான் சொன்னது, வேலையை விடாமல் ஆறு மாதம் அந்த நூலைப் படித்து, இதே செயல்திட்டத்தைத் திரும்பச் செய் என்பதுதான். மாதிரியைத் தொடுமுன், லாரிகளை அனுப்பும் குமாஸ்தாவோடு ஒரு காலைப்பொழுது உட்கார்ந்து, ஒவ்வொரு பத்தியும் எத்தனை மணிக்கு நிரப்பப்படுகிறது என்று எழுதி வரச் சொன்னேன். ஐம்பதில் பதினைந்தை நேர்மையாகப் பிடித்தாலும், ஏன் மற்ற முப்பத்தைந்து பிடிபடவில்லை என்று விளக்க முடிந்தால், அதனோடு நேர்முகத்துக்குப் போகலாம்.

சென்ற வாரம் புலனத்தில் ஒரு படம் அனுப்பியிருந்தான். குறிப்பேட்டில் 22 பத்திகள். ஒன்பதுக்கு நேரே சிவப்புக் கோடு. தாயாரிடம், ஆறு மாதம் முடியும்வரை சேமநிதிப் பாரத்தில் கையொப்பமிட வேண்டாம் என்று கூறியிருக்கிறேன்.