பத்து நிமிடத்துக்கு ஒரு படம்

காவிரிப் படுகையில் உள்ள சிற்றூர் ஒன்றில் நாங்கள் சிலர் சேர்ந்து நடத்திவரும் படிப்பகத்துக்கு, இரண்டு தளங்கள் கொண்ட சொந்தக் கட்டடம் எழவிருக்கிறது. கட்டுமானம் முழுவதையும் டைம்-லாப்ஸ் முறையில் படம்பிடித்துத் திறப்பு விழாவில் காட்டுவதெனக் கட்டடக் குழு தீர்மானித்தது. நண்பர் ஒருவர் வரைந்து தந்த திட்டம் ஒரே தாளில் அடங்கிவிட்டது. கிழக்கே எதிர்வீட்டு மாடியில் ஒரு கேமரா, அரை மணிக்கு ஒரு படம், 300 நாட்கள், முடிவில் நான்கு நிமிடப் படம், பின்னணியில் நாதஸ்வரம், நன்கொடையாளர் பெயர்களை வாசிக்கும் ஒரு கம்பீரக் குரல். இத்திட்டத்தை நாங்கள் ஏற்கவில்லை. அதற்கான காரணங்கள் ரசனை சார்ந்தவை மட்டுமல்ல என்பதால் இங்கே எழுதுகிறோம்.

இவ்வகைப் படங்களின் மூதாதை ஒன்று 1901இல் நியூயார்க்கில் எடுக்கப்பட்டது. பயாகிராஃப் நிறுவனத்தின் ஃபிரெடெரிக் ஆர்மிடேஜ், பிராட்வேயில் இருந்த ஸ்டார் தியேட்டர் இடிக்கப்படுவதைத் தெருவுக்கு எதிர்ப்புறமிருந்து, நான்கு நிமிடத்துக்கு ஒரு படம், நாளுக்கு எட்டு மணி நேரம் என ஏறத்தாழ ஒரு மாதம் பதிவு செய்தார். அந்தச் சுருளைத் தலைகீழாக ஓட்டினால் இடிபாடுகளிலிருந்து அரங்கு எழுந்து நிற்கும். படத்தின் தலைப்பிலேயே இடிப்பும் கட்டுவதும் இரண்டும் உண்டு. ஆக, இந்தக் கலை பிறந்த சில ஆண்டுகளுக்குள்ளாகவே, யாரும் கட்டாத கட்டடம் ஒன்றைத் திரையில் எழுப்பிக் காட்டிவிட்டது. அதில் கொத்தனார் ஒருவர்கூடத் தேவைப்படவில்லை.

இன்னொரு எல்லையும் உண்டு. ஜெர்மானிய ஒளிப்படக் கலைஞர் மைக்கேல் வெசெலி, நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகம் திரும்பக் கட்டப்பட்டபோது, 2001 முதல் 2004 வரை தன் கேமராக்களின் கண்ணை மூடாமலே வைத்திருந்தார். சில படங்களின் ஒளிபதிவு நேரம் 34 மாதங்கள் வரை நீண்டது. கட்டடத்தின் எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கின்றன. சூரியனின் தடங்கள் வானத்தில் கோடுகளாகத் தெரிகின்றன. மனிதர்கள் எவரும் இல்லை. ஓரிடத்தில் நிற்காத எதையும் அவ்வளவு நீண்ட ஒளிபதிவு விழுங்கிவிடும்.

எங்கள் வாதம் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. இரண்டு படங்களுக்கிடையே விடும் இடைவெளிதான் யார் தெரிவார், யார் மறைவார் என்பதை முடிவு செய்கிறது. கணக்கைப் பாருங்கள். காலை 8 முதல் மாலை 6 வரை பத்து மணி நேரம். பத்து நிமிடத்துக்கு ஒன்றென்றால் நாளுக்கு 60 படங்கள். 300 நாட்களுக்கு 18,000. நொடிக்கு 25 என்று ஓட்டினால் 12 நிமிடம். நண்பரின் அரை மணிக் கணக்கில் 6,000 படங்கள், 4 நிமிடம். மிகையாக எடுத்ததைப் பின்னால் கழித்துவிடலாம். எடுக்காததைச் சேர்க்க முடியாது. ஆகவே பத்து நிமிடம் என்பதில் நாங்கள் உறுதியாக இருந்தோம்.

ஆனால் பத்து நிமிடமும் ஒரு பொய்யைச் சொல்லும். மேல்தளத்துக்குக் கான்கிரீட் போடும் நாளை எடுத்துக்கொள்வோம். கட்டுமானத்தில் அதைவிடப் பரபரப்பான நாள் கிடையாது. கலவை எந்திரம் நிற்கக்கூடாது. கம்பிமேல் பலகை போட்டு வரிசையாக ஆட்கள் நிற்பார்கள். சித்தாள் பெண்கள் சட்டிகளைக் கைமாற்றுவார்கள். போட்ட இடம் இறுகுவதற்குள் அடுத்தது வந்து சேர வேண்டும். அந்த நாள் முழுவதும் படத்தில் 60 சட்டகங்கள், அதாவது 2.4 நொடி. கண்ணிமைத்தால் போயிற்று. அதற்கடுத்த பதினான்கு நாட்கள் தளத்தின்மேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தி வைப்பார்கள். கீழே முட்டுகள் அசையாமல் நிற்கும். அது 840 சட்டகங்கள், 33.6 நொடி. உழைப்பு இரண்டரை நொடிக்கும் குறைவு. ஒன்றும் நடக்காதது போன்ற காத்திருப்பு அரை நிமிடத்துக்கும் மேல். படத்தொகுப்பாளர் எவரும் முதலில் வெட்டுவது இந்த அரை நிமிடத்தைத்தான். வெட்டியபின் தளம் போட்ட மறுநாளே முட்டைப் பிரித்துவிடலாம் என்று பார்ப்பவர் நினைத்தால் குற்றம் யாருடையது?

ஆகவே இரண்டாவது கேமரா கேட்டோம். அது நாள்தோறும் இயங்க வேண்டியதில்லை. அடித்தளம், இரண்டு தளங்கள் என மூன்று கான்கிரீட் நாட்களிலும், கம்பி கட்டும் ஓரிரு நாட்களிலும் மட்டும், ஆள் நிற்கும் உயரத்தில், ஐந்து நொடிக்கு ஒரு படம். எட்டு மணி நேரத்தில் 5,760 படங்கள். நான்கு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. அந்த வேகத்தில் மனிதர்கள் துள்ளினாலும் மனிதர்களாகவே தெரிவார்கள்.

முதல் கேமராவின் இடத்தையும் மாற்றச் சொன்னோம். கிழக்கு மாடியில் வைத்தால் அது மேற்கைப் பார்க்கும். மாலைதோறும் சூரியன் லென்ஸுக்குள் இறங்கும். தெற்கே ஒரு பழைய கிடங்கு இருக்கிறது. அதன் மாடிப்படிக் கூண்டின்மேல் வடக்குப் பார்த்து வைக்கலாம். ஏப்ரல் மூன்றாம் வாரம் தொட்டு நான்கு மாதம் உச்சிச் சூரியன் நம் ஊர்களில் வடக்கே சாய்ந்திருக்கும் என்பதால் தெற்குச் சுவர் அப்போது நிழலில் கிடக்கும். கேமரா மேலிருந்து கீழ்நோக்கிப் பார்ப்பதால் அதனால் பெரிய கெடுதல் இல்லை. எழப்போகும் கட்டடத்தைவிடக் கேமரா உயரத்தில் இருக்க வேண்டும் என்பதே முக்கியம்; இல்லாவிட்டால் முதல் தளம் வந்ததும் சாரமும் சுவரும் உள்ளே நடப்பதை மறைத்துவிடும். பின்புலத்தில் கோயில் கோபுரத்தின் விளிம்பு சட்டகத்துக்குள் வரும்படி வைத்தோம். வாரம் ஒருமுறை படங்களை எடுத்து வரும்போது, அந்த விளிம்பு பழைய இடத்திலேயே இருக்கிறதா என்று முதல் படத்தோடு ஒப்பிட்டால், கேமரா நகர்ந்ததா என்பது உடனே தெரிந்துவிடும். லென்ஸின் துவாரத்தை முழுக்கத் திறந்தே வைக்க வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் அது சுருங்கி விரிந்தால் மயிரிழை வேறுபாடு சேர்ந்து படம் முழுவதும் வெளிச்சம் துடிக்கும். இவற்றையெல்லாம் தாண்டிய எதிரி ஒன்றுண்டு. ஒத்திகைக்கு வைத்த பத்து நாட்களுக்குள் கூட்டின் கண்ணாடிமேல் ஒரு சிலந்தி குடியேறிவிட்டது.

இந்த இடத்தில்தான் மனக்கசப்பு வந்தது. ஒப்பந்தக்காரர், படங்களைத் தனக்கும் அன்றாடம் அனுப்பச் சொன்னார். யார் எவ்வளவு நேரம் வேப்பமர நிழலில் உட்காருகிறார்கள் என்று பார்க்கலாமே என்றார். குழுவில் சிலருக்கு அது நியாயமாகவும் பட்டது. நாங்கள் மறுத்தோம். முகம் அடையாளம் தெரியாத தொலைவில் முதல் கேமரா. அருகிலுள்ள இரண்டாவதை மேஸ்திரியிடமும் வேலை செய்பவர்களிடமும் சொல்லி, அவர்கள் சம்மதித்த பிறகே இயக்குவது. கட்டடம் முடியும்வரை படங்கள் எவருக்கும் போகக்கூடாது. இம்மூன்றும் எழுத்தில் வராமல் கேமராவை மாட்டுவதில்லை என்றோம். இன்றுவரை அது எழுத்தில் வரவில்லை.

இனி வர்ணனை. கண் பார்ப்பதையே வாய் சொல்லக்கூடாது. 'தூண்கள் எழுகின்றன' என்று எவரும் சொல்லத் தேவையில்லை. இரண்டு சட்டகங்களுக்கிடையே விழுந்துவிட்டதைத்தான் சொல்ல வேண்டும். அதை முடிவில் எழுத முடியாது. வாராவாரம், வேலைப் பதிவேட்டைப் பார்த்து, தேதியோடு எழுதி வைக்க வேண்டும். எத்தனை பேர், எத்தனை மூட்டை, எந்த மழையில் எது நின்றது. வாசித்துப் பார்த்ததில் நிமிடத்துக்கு 80 சொற்களுக்கு மேல் போனால் படம் குரலுக்குப் பின்னால் ஓடத் தொடங்குகிறது. கம்பீரக் குரல் வேண்டாம். மேஸ்திரி தன் பேச்சில் சொல்லட்டும்.

அந்த 33.6 நொடிக்கு இப்போதே ஒரு வரைவு எழுதி வைத்திருக்கிறோம். 45 சொற்களுக்குள் அடங்குகிறது. தளம் போட்ட இரவு யார் காவலுக்குப் படுத்தார், பாத்தியில் காலையும் மாலையும் யார் தண்ணீர் விட்டார், அதுவரை சித்தாள்கள் எந்த ஊருக்கு வேறு வேலை தேடிப் போனார்கள் என்பதற்கு மூன்று இடங்களைக் காலியாக விட்டிருக்கிறோம்.