நம்பியவளுக்கு என்ன பதில்?

ஓய்வூதியப் பிரிவில் குமாஸ்தாவாக இருந்தபோது நான் எழுதிய ஒரு குறிப்பு இன்றும் என்னை உறுத்துகிறது. "மனுதாரர் சட்டப்படி மனைவி அல்லர், கோரிக்கையை நிராகரிக்கலாம்." அவ்வளவுதான். விதிப்படி அதில் ஒரு எழுத்தும் தவறில்லை. ஆனால் நியாயம்?

1990களில் நடந்தது. எங்கள் ஊழியர் ஒருவர் பணியில் இருக்கும்போதே மாரடைப்பில் போய்விட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் ஓர் அம்மா தன் பையனோடு வந்தார். பதினெட்டு வருஷம் அவரோடு குடித்தனம் நடத்தியவர். கோயில் கல்யாணப் போட்டோ, ரேஷன் கார்டு எல்லாம் வைத்திருந்தார். ஆனால் சர்வீஸ் புக்கில் வேறொரு பெண்ணின் பெயர் இருந்தது. திண்டிவனம் பக்கத்துக் கிராமத்தில் மூத்த மனைவியும் இரண்டு மகன்களும் உயிரோடு இருந்தார்கள்.

"அவங்களத் தீத்துக்கிட்டேன்னு சொல்லித்தானய்யா என்னைக் கட்டினாரு. இதோ பத்திரம்" என்று ஒரு முத்திரைத்தாளை நீட்டினார். பஞ்சாயத்தார் முன்னிலையில் எழுதிய விடுதலைப் பத்திரம். அவரும் அவருடைய அப்பாவும் அதை நம்பித்தான் தாலிக்குச் சம்மதித்திருக்கிறார்கள்.

அந்தத் தாளுக்கு மதிப்பில்லை. அப்படிப் பிரிந்துகொள்வது அந்தச் சாதியில் நெடுங்கால வழக்கம் என்று நீதிமன்றத்தில் நிரூபித்தால்தான் அது விவாகரத்து. இல்லாவிட்டால் முதல் திருமணம் அப்படியே நிற்கிறது. 1955ஆம் வருஷத்து இந்துத் திருமணச் சட்டத்தின் 5, 11 பிரிவுகளின்படி இரண்டாவது திருமணம் ஆரம்பத்திலிருந்தே செல்லாது. எத்தனை வருஷம் சேர்ந்து வாழ்ந்தாலும் அது செல்லுபடியாகிவிடாது.

பிள்ளைகள் விஷயத்தில் சட்டம் கொஞ்சம் இரங்கியிருக்கிறது. 16ஆம் பிரிவை 1976இல் திருத்தினார்கள். செல்லாத திருமணத்தில் பிறந்த பிள்ளையும் முறையான பிள்ளையே. ஆனால் பெற்றோரின் சொத்தில் மட்டுமே அவனுக்கு உரிமை, மற்ற உறவினர் சொத்தில் கிடையாது. அப்பா சுயமாகச் சம்பாதித்ததில் பங்கு உண்டு என்பதில் சிக்கல் இல்லை. பூர்வீகச் சொத்தில்தான் நீதிமன்றங்கள் நெடுநாள் கையை விரித்தன. 2023 செப்டம்பரில் ரேவணசித்தப்பா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அதைத் தீர்த்தார்கள். அப்பா இறப்பதற்குச் சற்று முன் பாகப்பிரிவினை நடந்ததாக வைத்துக்கொண்டு, அதில் அவர் பங்குக்கு வருவதில் இந்தப் பிள்ளைக்கும் சமபாகம் உண்டு என்றார்கள்.

அந்த அம்மாவின் குடும்பத்தையே இன்றைய கணக்கில் வைத்துப் பார்ப்போம். புதுச்சேரியில் அவர் சம்பாதித்துக் கட்டிய வீட்டுக்கு நான்கு வாரிசுகள்: மூத்த மனைவி, அவருடைய இரண்டு மகன்கள், இந்தப் பையன். ஆளுக்குக் கால் பங்கு. கிராமத்தில் பூர்வீக நிலம் மூன்று ஏக்கர். அப்பாவும் மூத்தவரின் மகன்கள் இருவரும் பங்காளிகள் என்பதால் ஆளுக்கு ஒரு ஏக்கர். அப்பாவின் அந்த ஒரு ஏக்கர் நான்காகப் பிரியும். பையனுக்கு 25 சென்ட். அண்ணன்களின் இரண்டு ஏக்கரில் அவன் வாய் திறக்க முடியாது. குடும்ப ஓய்வூதியத்திலும் கிராஜுவிட்டியிலும் அவனுக்குப் பங்கு உண்டு. ராமேஸ்வரி தேவி வழக்கில் 2000ஆம் வருஷமே உச்ச நீதிமன்றம் இதை ஒப்புக்கொண்டது. ஆனால் பையனின் ஓய்வூதியம் 25 வயதோடு நின்றுவிடும். அதற்கு முன்பே சம்பாதிக்க ஆரம்பித்தாலும் நின்றுவிடும்.

அந்த அம்மாவுக்கு? வீட்டில் ஒரு செங்கல் இல்லை. நிலத்தில் ஒரு சென்ட் இல்லை. ஓய்வூதியத்தில் ஒரு ரூபாய் இல்லை. தெரிந்தே ஒருத்தியின் வாழ்க்கையில் குறுக்கே வந்தவளும், ஏமாற்றப்பட்டு வந்தவளும் வாரிசுச் சட்டத்துக்கு ஒன்றுதான். இதைத்தான் நான் தவறு என்கிறேன்.

என் அப்பா ஒரு நோத்தேரிடம் எழுத்தராக இருந்தவர். பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எனக்கு அவர் வைத்திருந்த கோத் சிவிலைப் புரட்டிப் பார்க்கும் பழக்கம் உண்டு. 201, 202ஆம் பிரிவுகளில் 1804லேயே ஒரு விதி எழுதி வைத்திருக்கிறார்கள். திருமணம் செல்லாததாக இருக்கலாம். ஆனால் நல்ல நம்பிக்கையோடு, அவர்கள் சொல்லும் 'பொன் ஃபுவா'வோடு அதைச் செய்துகொண்டவருக்கு அதன் பலன்கள் உண்டு. இருவரில் ஒருவர் மட்டும் நம்பியிருந்தால் அவருக்கு மட்டும் உண்டு. விஷயம் வெளிப்பட்டு நீதிமன்றம் திருமணத்தை ரத்து செய்யும் முன்பே கணவன் இறந்துவிட்டால், நம்பியவள் மனைவியாகவே வாரிசாவாள். முத்திரைத்தாளைப் பார்த்துச் சட்டம் தெரியாமல் ஏமாந்தவளும் நம்பியவள்தான். இதே புதுச்சேரியில் ரெனோன்சான் குடும்பங்களுக்கு இந்துத் திருமணச் சட்டம் பொருந்தாது. 1963இல் அந்தச் சட்டத்தை இங்கே கொண்டுவந்தபோதே அவர்களுக்கு விலக்குக் கொடுத்தார்கள். அதனால் இந்த விதி நம் ஊருக்குப் புதிதல்ல.

"மூத்தவள் வயிற்றில் அடிக்கச் சொல்கிறாயா?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். இல்லை. மகன்கள் பங்கில் கை வைக்க வேண்டாம். கணவன் சொத்தில் மனைவிக்கு என்று வரும் ஒரு பாகத்தில் மட்டும் நம்பி வந்தவளுக்கு ஒரு பகுதி கொடுக்கட்டும். நம்பினேன் என்று நிரூபிக்கும் பொறுப்பும் அவளுடையதாகவே இருக்கட்டும். மூத்தவருக்கு அதில் குறைகிறது, உண்மைதான். அந்தக் குறையை உண்டாக்கியது பொய் சொன்ன புருஷன், நம்பியவள் அல்ல. இருவரையும் ஏமாற்றியவன் ஒருவன் இருக்க, முழு நஷ்டத்தையும் ஒருத்தி தலையில் கட்டுவது எந்த ஊர் நியாயம்?

"நம்பினாளா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?" என்பது அடுத்த கேள்வி. நம் நீதிமன்றங்கள் இதை ஏற்கெனவே செய்கின்றன. முதல் திருமணத்தை மறைத்து மறுமணம் செய்தவனுக்கு, மறைக்காமல் செய்தவனைவிடக் கூடுதல் தண்டனை. பத்து வருஷம் வரை சிறை. பாத்ஷா வழக்கில், ஏமாற்றப்பட்ட இரண்டாம் மனைவிக்கு ஜீவனாம்சம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2013இல் சொல்லியிருக்கிறது. ஆக, அவன் உயிரோடு இருக்கும்வரை அவளுக்குச் சோறு போட வேண்டும். செத்த மறுநாள் அவள் யாரோ! ஜீவனாம்சத்துக்கு எடைபோடத் தெரிந்த நம்பிக்கையை வாரிசுரிமைக்கு மட்டும் எடைபோட முடியாதா?

சட்டம் மாறும்வரை ஒரே வழிதான். இப்படிப்பட்ட நிலையில் இருக்கும் ஆண் தன் சுய சம்பாத்தியத்தில் ஒரு பகுதியை உயில் எழுதிப் பதிவு செய்யலாம். அதில் "என் மனைவிக்கு" என்று மட்டும் எழுதினால் அது மூத்தவரைத்தான் குறிக்கிறது என்று வாதம் கிளம்பும். அந்த அம்மாவின் பெயர், தகப்பனார் பெயர், விலாசம் எல்லாம் எழுத வேண்டும். பூர்வீகத்தில் தன் பங்குக்கு மட்டுமே எழுதலாம். ஓய்வூதியத்தை உயிலில் எழுதவே முடியாது.

எங்கள் ஊழியர் எதையும் எழுதிவைக்கவில்லை. என் குறிப்பின் கீழே அதிகாரி கையெழுத்திட்டார். "பையனுக்கு வரும்மா" என்றேன். "அவனுக்கு வருதுய்யா, சரி. நான் யாரு அப்ப?" என்று கேட்டுவிட்டு அந்த அம்மா படியிறங்கிப் போனார். அன்று என்னிடம் பதில் இல்லை. சட்டப் புத்தகத்தில் இன்றும் இல்லை.