பழைய முகவரியைக் கைவிடாதீர்கள்

இரண்டு நிறுவனங்கள் கூட்டுச் சேர்ந்தால், சிறிய தளத்தின் பக்கங்களையெல்லாம் பெரிய தளத்தின் முகப்புக்குத் திருப்பிவிட்டு, பழைய டொமைனைப் புதுப்பிக்காமல் விட்டுவிடலாம் என்கிறார் நண்பர். இரண்டுமே தவறு.

பம்புசெட் விற்பவரும் மோட்டாருக்குக் காயில் கட்டுபவரும் இணைகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். காயில் கட்டும் கூலியைத் தேடி வந்தவர் முகப்பில் போய் விழுந்தால், அங்கே நின்று துழாவ மாட்டார், வெளியேறிவிடுவார். பொருத்தமில்லாத அந்தத் திருப்பத்தைக் கூகுளும் பெரும்பாலும் 'பக்கம் இல்லை' என்றே எடுத்துக்கொள்ளும். ஆகவே ஒவ்வொரு பழைய பக்கத்துக்கும் அதே விஷயத்தைச் சொல்லும் புதுப் பக்கத்தைக் குறித்துவைத்து, 301 என்னும் நிரந்தரத் திருப்பத்தைப் போட வேண்டும். எதை வைத்துக்கொள்வது என்பதைப் பங்காளியின் அளவு தீர்மானிக்கக் கூடாது. சர்ச் கன்சோலில் எந்தப் பக்கத்துக்குக் கிளிக் வருகிறது என்று பாருங்கள். இணையே இல்லாத பக்கம் 404 ஆகவே இருக்கட்டும்.

திருப்பங்களைக் குறைந்தது ஓராண்டு வைத்திருக்கச் சொல்கிறது கூகுள். டொமைனை அதற்குப் பிறகும் விடாதீர்கள். காலாவதியான பெயரை யார் வேண்டுமானாலும் வாங்கலாம். வாடிக்கையாளர் பழைய முகவரிக்கு அனுப்பும் மின்னஞ்சல் மட்டுமல்ல, அந்த முகவரியில் பதிந்த கணக்குகளின் கடவுச்சொல் மீட்பு லிங்க்கும் வாங்கியவர் கைக்கே போகும்.