பெட்டியின் பின்பக்கத்தில் எழுதியிருப்பவை

வீட்டில் வைத்துக்கொள்ள ஓர் இரத்த அழுத்தமானியோ குளுக்கோமீட்டரோ வாங்கப் போகிறவர் பெரும்பாலும் விலையையும் நிறுவனத்தின் பெயரையும் பார்த்து முடிவெடுக்கிறார். இணையக் கடைகளும் அவரை அப்படித்தான் பழக்கியிருக்கின்றன. நூறு அளவீடுகளை நினைவில் வைக்கும், கைப்பேசியுடன் இணையும், எண்ணை வாய்விட்டுச் சொல்லும் என்பன பெட்டியின் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் இருக்கும். அந்த எண் சரியாக இருக்குமா என்பதைத் தீர்மானிக்கும் செய்திகளோ பின்பக்கத்தில், பொடி எழுத்தில், சில வேளைகளில் உள்ளே மடித்து வைத்த தாளில் மட்டுமே இருக்கின்றன. கருவி வெறும் கணக்கன்தான். உடலைத் தொடுவது ஒன்றில் கஃப் எனப்படும் கைப்பட்டை, மற்றொன்றில் ஸ்ட்ரிப். ஆகவே கஃப்பையும் ஸ்ட்ரிப்பையும் முதலில் தேர்ந்துகொண்டு, அவற்றுக்கு ஏற்ற கருவியைப் பிறகு தேடுவதே முறையாகும்.

இரத்த அழுத்தமானியைப் பொறுத்தவரை குழப்பம் ஒரு சொல்லிலிருந்தே தொடங்குகிறது. விற்பனையாளர் ‘சர்டிஃபைடு’ என்கிறார், விளம்பரம் ‘கிளினிக்கலி வேலிடேட்டட்’ என்கிறது, தமிழில் பெயர்ப்பவர் இரண்டையும் ‘அங்கீகரிக்கப்பட்டது’ என்று எழுதிவிடுகிறார். உண்மையில் இங்கே மூன்று வெவ்வேறு செயல்கள் இருக்கின்றன. முதலாவது உரிமம். இந்தியாவில் 2020 ஏப்ரல் முதல் மருத்துவக் கருவிகள் அனைத்தும் மருந்துச் சட்டத்தின் வரையறைக்குள் வந்தன. உரிம எண் என்பது கருவியை விற்பதற்கான அனுமதியைக் குறிக்கும். இரண்டாவது அளவுத்திருத்தம். கருவிக்குள் இருக்கும் அழுத்த உணரி, தெரிந்த ஓர் அழுத்தத்தைக் கொடுத்தால் அதே அழுத்தத்தைக் காட்டுகிறதா என்பதை மட்டுமே அது பார்க்கிறது. மூன்றாவதுதான் வேலிடேஷன், அதாவது மனிதக் கைகளில் ஒப்பிட்டுச் சரிபார்த்தல்.

இந்த மூன்றாவது ஏன் தேவை என்பது கருவி இயங்கும் முறையைப் பார்த்தால் விளங்கும். மருத்துவர் காதில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து நாடியின் ஒலி தோன்றும் இடத்தையும் மறையும் இடத்தையும் கேட்கிறார். தானியங்கிக் கருவி ஒலி எதையும் கேட்பதில்லை. கஃப்பின் காற்று ஏறும்போதோ இறங்கும்போதோ அதில் ஏற்படும் நுண்ணிய அதிர்வுகளை அது பதிகிறது. அதிர்வு உச்சத்தை எட்டும் இடம் ஏறத்தாழச் சராசரி அழுத்தத்தைக் காட்டும். மேல் எண்ணையும் கீழ் எண்ணையும் அதிலிருந்து ஒரு சூத்திரத்தால் கணித்து எடுக்கிறது. அந்தச் சூத்திரம் நிறுவனத்தின் தொழில் இரகசியம். எனவே அளவுத்திருத்தத்தில் ஒரு குறையும் இல்லாத கருவிகூட, சூத்திரம் பிசகினால், தவறான எண்ணைத் தெளிவாகவும் உறுதியாகவும் காட்டிக்கொண்டே இருக்கும்.

ஐ.எஸ்.ஓ. 81060-2 என்ற 2018ஆம் ஆண்டுப் பன்னாட்டு நெறிமுறையின்படி, குறைந்தது 85 பேரிடம் பயிற்சி பெற்ற இருவர் ஸ்டெதாஸ்கோப்பால் அளந்த எண்களோடு கருவியின் எண்கள் ஒப்பிடப்படுகின்றன. சராசரி வேறுபாடு 5 மி.மீ. பாதரசத்தையும், வேறுபாடுகளின் சிதறல் 8 மி.மீ. பாதரசத்தையும் தாண்டக் கூடாது. இந்தச் சோதனையில் தேறிய கருவிகளின் பட்டியலை stridebp.org என்ற தளத்தில் எவரும் இலவசமாகப் பார்க்கலாம். உயர் இரத்த அழுத்தத்துக்கான ஐரோப்பிய, பன்னாட்டுச் சங்கங்களின் தொடர்புடன் நடக்கும் தளம் அது. அங்கே நிறுவனத்தின் பெயரைத் தேடி நிறைவடைந்துவிடக் கூடாது. மாடல் எண்ணை முழுவதுமாக, கடைசியில் ஒட்டியிருக்கும் எழுத்துகளோடு சேர்த்து ஒப்பிட வேண்டும். ஒரே நிறுவனத்தின் ஒரு மாடல் தேறியிருப்பதனால் அதன் உடன்பிறப்பும் தேறியதாகாது. கர்ப்பிணிகளுக்கு அளப்பதானால் அவர்களிடம் தனியே சரிபார்த்த மாடலைத்தான் தேட வேண்டும்.

பட்டியலில் மாடலைக் கண்டுபிடித்ததும் வேலை முடிந்தது என்று எண்ணுவதில்தான் அடுத்த சறுக்கல் நேர்கிறது. கருவி தேறியது தனக்குரிய கஃப்போடு, அந்தக் கஃப்புக்குரிய கையளவுக்குள். வேறு அளவுக் கையில் அதைச் சுற்றினால் அந்தத் தேர்ச்சிக்குப் பொருளில்லை.

கஃப்பின் அளவைப் பலரும் சட்டையின் அளவைப் போல வசதிக்கானது என்றே கருதுகின்றனர். அது அளவீட்டின் பகுதி. கைக்குச் சிறிய கஃப், தன் அழுத்தம் முழுவதையும் தமனிக்குக் கடத்த முடியாமல், கூடுதல் காற்றை ஏற்றியே அதை அடைக்க வேண்டியிருக்கிறது. கருவியோ அந்தக் கூடுதலையும் சேர்த்து இரத்த அழுத்தம் என்று அறிவித்துவிடுகிறது. பெரிய கஃப் மெலிந்த கையில் இதற்கு நேர்மாறாகக் குறைத்துக் காட்டும். 2023இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 195 பேரிடம் இதை அளந்து வெளியிட்டனர். பெரிய கஃப் தேவைப்படுவோருக்கு வழக்கமான கஃப்பை மாட்டியபோது மேல் எண் சராசரியாக 4.8 கூடியது; மிகப் பெரிய கஃப் தேவைப்படுவோருக்கு 19.5 கூடியது. சிறிய கஃப் தேவைப்படுவோருக்கு 3.6 குறைந்தது.

ஓர் எடுத்துக்காட்டு. அறுபது வயதைக் கடந்த ஒரு பெண்ணின் மேற்கைச் சுற்றளவு 36 செ.மீ. என்று கொள்வோம். வாங்கிய கருவியோடு வந்த கஃப்பில் 22–32 செ.மீ. என்று அச்சிட்டிருக்கிறது, இந்தியச் சந்தையில் பரவலாகக் கிடைக்கும் அளவு இதுவே. இழுத்துச் சுற்றினால் வெல்க்ரோ எப்படியோ ஒட்டிக்கொள்ளும். கருவியும் பிழைக்குறி எதையும் காட்டாது. அவருடைய உண்மையான மேல் எண் 132 என்றால், மேற்கண்ட சராசரிப் பிழை சேர்ந்து 137 என்று காட்டக்கூடும். வீட்டில் அளக்கும்போது 135/85 என்பதே உயர் அழுத்தத்தின் எல்லைக்கோடாகக் கொள்ளப்படுகிறது. ஐந்து நாள் குறித்த தாளில் ஐந்து நாளும் கோட்டுக்கு மேலேயே இருக்கும். பல நாள் அளந்து சராசரி எடுத்தாலும் இந்தப் பிழை கரையாது, ஏனெனில் அது ஒவ்வொரு முறையும் ஒரே பக்கமாகவே இழுக்கிறது. தாளைப் பார்க்கும் மருத்துவர் ஒரு மாத்திரையைக் கூட்டினால் அவரைக் குறை சொல்ல முடியாது. கஃப்பின் அளவைத் தாள் சொல்லவில்லையே!

மெலிந்த கைகள் மிகுந்த நாட்டில் இதன் மறுபக்கத்தையும் மறக்கக் கூடாது. சுற்றளவு 20 செ.மீ. உள்ள முதியவரின் கையில் அதே கஃப் தளர்வாகச் சுழன்று, இருக்கும் அழுத்தத்தைக் குறைத்துக் காட்டிக் கவலையைத் தணித்துவிடும்.

இத்தனைக்கும் தேவைப்படுவது தையற்காரர் வைத்திருக்கும் ஒரு நாடா. சட்டையையோ ரவிக்கைக் கையையோ விலக்கி, தோள்பட்டை எலும்பின் முனைக்கும் முழங்கை முனைக்கும் நடுவே, இறுக்காமல் சுற்றி அளக்க வேண்டும். கடைக்குப் போகுமுன் அந்த எண் கையில் இருக்க வேண்டும். ஒரே கருவியைக் கணவனும் மனைவியும் பயன்படுத்தப் போகிறார்கள் என்றால் இரண்டு எண்கள். 22–42 செ.மீ. வரை ஏற்கும் அகன்ற கஃப் சில மாடல்களோடு வருகிறது. மற்றவற்றுக்குப் பெரிய கஃப்பைத் தனியே வாங்க வேண்டும், அதுவும் அதே நிறுவனம் அந்த மாடலுக்கென்று குறித்ததை. குழாய் பொருந்துகிறது என்பதற்காக வேறு நிறுவனத்தின் கஃப்பைச் செருகினால், சூத்திரம் அறியாத ஒரு கஃப்பின் அதிர்வுகளை அந்தச் சூத்திரத்துக்கு ஊட்டுவதாகும். மலிவான கருவியோடு பெரிய கஃப்பின் விலையைக் கூட்டிப் பார்த்தால், அகன்ற கஃப்போடு வரும் சற்று விலை கூடிய மாடலே மலிவாக முடிவதும் உண்டு.

குளுக்கோமீட்டரில் துல்லியத்தைப் பற்றிய கேள்வி சுருக்கமானது, செலவைப் பற்றியதே நீண்டது. ஐ.எஸ்.ஓ. 15197 என்ற நெறிமுறையின் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு, நூற்றுக்கு 95 அளவீடுகள் ஆய்வக அளவிலிருந்து குறிப்பிட்ட எல்லைக்குள் இருக்க வேண்டும் என்கிறது: சர்க்கரை 100க்குக் கீழே இருந்தால் கூட்டியோ குறைத்தோ 15 மி.கி., அதற்கு மேலே 15 விழுக்காடு. அதாவது ஆய்வகத்தில் 200 என்றால் மீட்டர் 170 காட்டினாலும் 230 காட்டினாலும் அது விதிக்கு உட்பட்டதே. இந்த நெறிமுறையின் பெயர் ஸ்ட்ரிப்போடு வரும் தாளில் இல்லாத மீட்டரை, விலை எவ்வளவு குறைவாயினும், ஒதுக்கிவிடலாம்.

செலவுக்கு வருவோம். 2021 ஜூலையில் இந்திய அரசு ஐந்து மருத்துவக் கருவிகளின் வணிக இலாபத்துக்கு உச்சவரம்பு விதித்தது. ஆக்சிமீட்டர், இரத்த அழுத்தமானி, நெபுலைசர், மின்னணு வெப்பமானி, குளுக்கோமீட்டர் என்பனவே அவை. மீட்டரின் விலை குறைவது நல்லதே. ஆனால் மீட்டர் ஒரு முறை வாங்குவது. ஸ்ட்ரிப் ஆயுள் முழுவதும் வாங்குவது. ஒரு மீட்டர் 600 ரூபாய், அதன் ஸ்ட்ரிப் ஒன்று 24 ரூபாய் என்றும், இன்னொன்று 1,100 ரூபாய், அதன் ஸ்ட்ரிப் 16 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். இன்சுலின் போட்டுக்கொண்டு நாளுக்கு இருமுறை அளப்பவருக்கு ஆண்டுக்கு 730 ஸ்ட்ரிப் வேண்டும். முதலாவதில் 17,520 ரூபாய், இரண்டாவதில் 11,680 ரூபாய். மீட்டரில் மிச்சப்பட்ட 500 ரூபாய் ஏறத்தாழ ஒரு மாதத்திலேயே கரைந்துவிடும்.

மாத்திரை மட்டும் எடுத்துக்கொண்டு வாரம் இருமுறை அளப்பவரின் கணக்கு வேறு. பல ஸ்ட்ரிப் குப்பிகளைத் திறந்தபின் 90 நாளுக்குள் தீர்க்க வேண்டும். காற்றின் ஈரம் ஸ்ட்ரிப்பிலுள்ள நொதியைக் கெடுத்துவிடும். 90 நாளில் அவர் செலவழிப்பது ஏறத்தாழ 26. ஐம்பது ஸ்ட்ரிப் கொண்ட குப்பியை 1,000 ரூபாய்க்கு வாங்கினால் பெட்டியின் கணக்கில் ஒன்று 20 ரூபாய். 24 வீணாகிவிடுவதால் அவருடைய கணக்கில் ஒன்று 38 ரூபாய்க்கு மேல். இருபத்தைந்து கொண்ட குப்பி 575 ரூபாய், ஒன்று 23 ரூபாய் என்று விலை கூடித் தோன்றினாலும் அதுவே அவருக்குச் சிக்கனம். வீணாக்க மனமில்லாமல் காலம் கடந்த ஸ்ட்ரிப்பைப் பயன்படுத்துவோர் பலர். திறந்த தேதியைக் குப்பியின் மேல் எழுதி வைக்காத வீட்டில் அதைக் கண்டுபிடிக்கவும் வழியில்லை. திறந்தபின்னும் அச்சிட்ட காலாவதி வரை தாங்கும் ஸ்ட்ரிப்பும், தனித்தனி உறையில் வருவதும் கிடைக்கின்றன. அரிதாக அளப்பவர் அவற்றைத்தான் தேட வேண்டும்.

வெப்பமும் இதே கணக்கில் சேரும். பெரும்பாலான ஸ்ட்ரிப்கள் 30 டிகிரிக்குள் வைக்கப்பட வேண்டியவை. தில்லியிலோ நாக்பூரிலோ மே மாதத்தில் தள்ளுபடிக்காக ஆறு குப்பிகளை ஒன்றாக வரவழைத்து, வெயில் விழும் அலமாரியில் அடுக்குவது சிக்கனமாகாது. வாங்கியது சரிதானா என்ற ஐயம் எழுந்தால், வெறும் வயிற்றில் ஆய்வகத்துக்கு இரத்தம் கொடுக்கும் அதே வேளையில், சோப்பால் கழுவி உலர்த்திய விரலில் ஒரு சொட்டை எடுத்து மீட்டரில் வைத்துப் பார்க்கலாம். சாப்பிட்டபின் விரல்நுனி இரத்தத்தில் சர்க்கரை நரம்பு இரத்தத்தைவிடக் கூடுதலாகவே இருக்குமாதலால் அப்போது ஒப்பிடுவதில் பயனில்லை. வெறும் வயிற்றில் ஆய்வகம் 140 என்று சொல்லி, மீட்டர் 119க்கும் 161க்கும் இடையில் காட்டினால், குறை சொல்ல ஒன்றுமில்லை. இருமுறை செய்தும் வெளியே நின்றால், மீட்டரைத் தூக்கிப்போடுமுன் புதிய குப்பியிலிருந்து ஒரு ஸ்ட்ரிப்பை எடுத்துப் பார்க்க வேண்டும்.